பட்டியல் எவ்வளவு குழம்பியிருக்கிறது? மேர்ஜ் சோர்ட் மூலம் எண்ணும் முறை

யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்திலிருந்து காங்கேசன்துறைப் பக்கம் போனால் வழியில் எட்டு நிலையங்கள் வரும்: கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கடைசியில் காங்கேசன்துறை. இந்த எட்டுப் பெயரையும் கலைத்துக் கொடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து போகும் ஒழுங்கில் எழுதச் சொல்லி ஒரு வகுப்பில் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது:

கோண்டாவில், மல்லாகம், கொக்குவில், தெல்லிப்பழை, சுன்னாகம், இணுவில், காங்கேசன்துறை, மாவிட்டபுரம்.

இதற்கு எத்தனை புள்ளி போடுவது? சரியான இடத்தில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளி என்று திருத்தினால் பூச்சியம்தான் வரும். எந்தப் பெயரும் தன் இடத்தில் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியுமா? காங்கேசன்துறையும் மாவிட்டபுரமும் கடைசியில் வரும் என்று தெரிந்திருக்கிறது. கொக்குவிலும் கோண்டாவிலும் முன்பாதியில் வரும் என்றும் தெரிந்திருக்கிறது. இன்னொரு பிள்ளை காங்கேசன்துறையை மட்டும் தலையில் போட்டுவிட்டு, மற்ற ஏழையும் பிழையில்லாமல் எழுதினாலும் இதே பூச்சியம். எட்டையும் அப்படியே தலைகீழாக எழுதினாலும் பூச்சியம். இந்த மூன்று விடைகளையும் பிரித்துக் காட்டாத அளவுகோல் நமக்கு உதவாது.

உதவும் அளவுகோல் சோடிகளைப் பார்க்கிறது. பட்டியலில் இரண்டு பெயர்களை எடுங்கள். உண்மையில் பிந்தி வரவேண்டியது முந்தி நின்றால் அது ஒரு தலைகீழ்ச் சோடி. இரண்டும் அடுத்தடுத்து நிற்கவேண்டும் என்றில்லை. எவ்வளவு தூரத்தில் நின்றாலும் சரி. எட்டுப் பெயர்களில் மொத்தம் 28 சோடிகள் உண்டு. பொதுவாக n பொருட்கள் என்றால் n(n-1)/2. முழுவதும் ஒழுங்காக இருந்தால் தலைகீழ்ச் சோடிகள் 0, முழுவதும் தலைகீழானால் 28.

இந்த எண்ணுக்கு நேரடியான பொருள் ஒன்றும் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டை மட்டும் இடம் மாற்றலாம் என்று ஒரு விதி வைத்துப் பட்டியலைச் சரிசெய்தால், குறைந்தது எத்தனை மாற்றங்கள் தேவையோ அதுதான் தலைகீழ்ச் சோடிகளின் எண்ணிக்கை. பக்கத்தில் நிற்கும் இரண்டை மாற்றும்போது அந்த ஒரு சோடியின் ஒழுங்கு மட்டுமே மாறும், மற்ற எந்தச் சோடியும் அசையாது. ஆகவே ஒரு மாற்றத்தால் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் குறைய வழியில்லை.

முதலில் பெயர்களை எண்களாக்குங்கள்

சரியான ஒழுங்கில் கொக்குவிலுக்கு 1, கோண்டாவிலுக்கு 2 என்று தொடங்கிக் காங்கேசன்துறைக்கு 8 கொடுங்கள். பிறகு பிள்ளை எழுதிய ஒழுங்கில் அந்த எண்களை வையுங்கள். மேலேயுள்ள விடை இப்படி ஆகும்:

```
2 5 1 6 4 3 8 7
```

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பெயர்களையே நேராக ஒப்பிடக் கூடாது. கணினி பெயர்களை எழுத்து ஒழுங்கில்தான் ஒப்பிடும். அதற்கு இணுவில் முதலாவது நிலையமாகிவிடும். விடை ஏதோ ஓர் எண்ணாக வந்து நிற்கும், பார்த்தால் சந்தேகமும் வராது.

தமிழில் தட்டச்சு செய்த பெயர்களில் வேறொரு சிக்கலும் உண்டு. "கொ" என்ற எழுத்தின் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. பட்டியலில் கொக்குவில் இருக்கும்போதே "கொக்குவில் இல்லை" என்று பைதன் `KeyError` காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பக்கப் பெயர்களையும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பினால் தீர்ந்துவிடும். தெல்லிப்பழையைத் தெல்லிப்பளை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை இந்தக் கட்டளை தீர்க்காது, நீங்கள்தான் இரண்டு வடிவத்துக்கும் 6 என்று கொடுக்க வேண்டும்.

கையால் ஒருமுறை

நிரலுக்குப் போகமுன் தாளில் எண்ணிவிடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வலப்பக்கத்தில் அதைவிடச் சிறியவை எத்தனை என்று பார்த்தால் போதும். 2க்கு வலப்பக்கத்தில் 1 மட்டும், ஆக 1. 5க்கு 1, 4, 3 ஆகிய மூன்று. 1க்கு எதுவும் இல்லை. 6க்கு 4, 3 ஆகிய இரண்டு. 4க்கு 3, ஆக ஒன்று. 3க்கு எதுவும் இல்லை. 8க்கு 7, ஆக ஒன்று. மொத்தம் 8.

28 சோடிகளில் 8 தலைகீழ், 20 சரி. காங்கேசன்துறையைத் தலையில் போட்ட பிள்ளைக்கு 7 தலைகீழ், முழுவதையும் புரட்டிய பிள்ளைக்கு 28. பூச்சியமாக ஒட்டிக்கிடந்த மூன்று விடைகளும் இப்போது பிரிந்துவிட்டன.

எட்டு நிலையங்களுக்கு இந்த முறை போதும். 100,000 பொருட்கள் உள்ள பட்டியல் என்றால் பார்க்கவேண்டிய சோடிகள் ஏறத்தாழ 500 கோடி. அங்கேதான் மேர்ஜ் சோர்ட் தேவைப்படுகிறது.

பிரித்து, சேர்க்கும்போது எண்ணுதல்

மேர்ஜ் சோர்ட்டை ஜோன் வொன் நொய்மன் 1945இல் உருவாக்கினார். பட்டியலை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் இதே முறையில் ஒழுங்குபடுத்தி, பிறகு இரண்டு பாதிகளையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் முறை. சேர்க்கும்போது இரண்டு பாதிகளின் தலையிலும் நிற்பவற்றை ஒப்பிட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

எண்ணுவதற்கு நாம் கூட்டவேண்டியது ஒரே ஒரு வரி. சேர்க்கும்போது வலப் பாதியிலிருந்து ஓர் எண்ணை எடுத்தால், அந்த நேரத்தில் இடப் பாதியில் இன்னும் எடுபடாமல் எத்தனை எண்கள் நிற்கின்றனவோ அத்தனையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இடப் பாதி ஏற்கனவே ஒழுங்கில் இருக்கிறது. அதன் தலையில் நிற்பதே வலப்பக்கத்து எண்ணைவிடப் பெரிது என்றால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாமும் பெரிதாகத்தான் இருக்கும். அவை ஒவ்வொன்றும் அந்த எண்ணோடு ஒரு தலைகீழ்ச் சோடி. ஒரே ஒப்பீட்டில் பல சோடிகளை எண்ணிவிடுகிறோம், நேரம் மிச்சமாவது இதனால்தான்.

நம் பட்டியலில் செய்து பார்ப்போம். இடப் பாதி 2 5 1 6, வலப் பாதி 4 3 8 7.

இடப் பாதியை மீண்டும் பிரித்தால் 2 5 என்றும் 1 6 என்றும் வரும். இரண்டும் தமக்குள் ஒழுங்காகவே இருக்கின்றன, எண்ணிக்கை 0. இவற்றைச் சேர்க்கும்போது தலைகள் 2, 1. வலப்பக்கத்து 1 சிறியது, அதை எடுக்கிறோம். இடப்பக்கத்தில் 2, 5 இரண்டும் நிற்கின்றன, ஆகவே 2 கூட்டுகிறோம். பிறகு 2, 5, 6 வரிசையாக வந்துவிடும். இடப் பாதி இப்போது 1 2 5 6, இதற்குள் எண்ணியது 2.

வலப் பாதியில் 4 3 என்பதைச் சேர்க்கும்போது 3 முந்துகிறது, 1 கூட்டு. 8 7 என்பதில் 7 முந்துகிறது, 1 கூட்டு. பிறகு 3 4, 7 8 இரண்டையும் சேர்க்கும்போது எதுவும் முந்தவில்லை. வலப் பாதி 3 4 7 8, இதற்குள் எண்ணியதும் 2.

கடைசியாக 1 2 5 6 உடன் 3 4 7 8 ஐச் சேர்க்க வேண்டும். 1, 2 இடப்பக்கத்திலிருந்து வருகின்றன. அடுத்து தலைகள் 5, 3. வலப்பக்கத்து 3ஐ எடுக்கும்போது இடப்பக்கத்தில் 5, 6 நிற்கின்றன, 2 கூட்டு. 4ஐ எடுக்கும்போதும் அதே இரண்டும் நிற்கின்றன, மீண்டும் 2. பிறகு 5, 6, 7, 8. இந்தச் சேர்ப்பில் 4. மொத்தம் 2 + 2 + 4 = 8. கையால் எண்ணிய அதே விடை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பாதிகளுக்குள் ஒழுங்கை மாற்றிவிட்டோமே, பழைய பட்டியலின் தலைகீழ்ச் சோடிகள் அழிந்துபோகாவா? உண்மையில் பாதிக்குள் இருக்கும் சோடிகள் மாறத்தான் செய்கின்றன, ஆனால் அவற்றை ஏற்கனவே எண்ணி முடித்துவிட்டோம். இனி எண்ண மீதியிருப்பது ஒன்று இடப் பாதியிலும் மற்றது வலப் பாதியிலும் நிற்கும் சோடிகள். பாதிக்குள் எப்படி இடம் மாறினாலும் இடப் பாதியில் நின்றது இடப் பாதியிலேயே, வலப் பாதியில் நின்றது வலப் பாதியிலேயே. ஆகவே அந்தச் சோடி தலைகீழா இல்லையா என்பது மாறவே மாறாது.

இரண்டு தரம் எண்ணிவிடும் பயமும் தேவையில்லை. எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், பிரித்துக்கொண்டே போகும்போது ஏதோ ஒரு கட்டத்தில் அவை வேறு வேறு பாதிகளுக்குப் போகும். அந்தக் கட்டம் ஒன்றே ஒன்றுதான். அதற்குரிய சேர்ப்பில் மட்டுமே அந்தச் சோடி எண்ணப்படுகிறது. உதாரணமாக மல்லாகமும் கொக்குவிலும், அதாவது 5உம் 1உம், இடப் பாதிக்குள் நடந்த சேர்ப்பில் எண்ணப்பட்டன. மல்லாகமும் இணுவிலும், அதாவது 5உம் 3உம், கடைசிச் சேர்ப்பில் எண்ணப்பட்டன.

நிரல்

```python
def count(a):
    if len(a) <= 1:
        return a, 0
    m = len(a) // 2
    left, x = count(a[:m])
    right, y = count(a[m:])
    out, z = [], 0
    i = j = 0
    while i < len(left) and j < len(right):
        if left[i] <= right[j]:
            out.append(left[i])
            i += 1
        else:
            out.append(right[j])
            j += 1
            z += len(left) - i
    out += left[i:] + right[j:]
    return out, x + y + z

print(count([2, 5, 1, 6, 4, 3, 8, 7])[1])
```

8 என்று வரவேண்டும். `x` இடப் பாதிக்குள் எண்ணியது, `y` வலப் பாதிக்குள் எண்ணியது, `z` சேர்க்கும்போது எண்ணியது. `len(left) - i` என்பதுதான் இடப்பக்கத்தில் இன்னும் நிற்பவற்றின் தொகை.

எட்டு வராமல் வேறு எண் வந்தால், அந்த எண்ணே பிழை எங்கே என்று சொல்லிவிடும். 5 வந்தால் பெரும்பாலும் `z += 1` என்று எழுதியிருப்பீர்கள்: வலப்பக்கத்திலிருந்து எத்தனை தரம் எடுத்தோம் என்பதை எண்ணுகிறீர்கள், எத்தனை சோடிகள் என்பதை அல்ல. 10 வந்தால் கடைசி வரியில் `out` என்பதற்குப் பதிலாக `a` ஐத் திருப்பியிருக்கலாம். அப்போது பாதிகள் ஒழுங்காகாமலே மேலே வருகின்றன, "பின்னால் நிற்பவை எல்லாம் பெரிது" என்ற நம் நியாயம் அங்கே பொய்த்துவிடுகிறது.

இந்த எட்டு எண்களால் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. `<=` இருக்கவேண்டிய இடத்தில் `<` போட்டாலும் விடை 8தான் வரும், ஏனென்றால் இதில் சமமான எண்களே இல்லை. ஆனால் பரீட்சைப் புள்ளிகள் போன்ற பட்டியலில் ஒரே எண் பல தரம் வரும். அங்கே `<` போட்டால் சமமான இரண்டும் தலைகீழ்ச் சோடியாக எண்ணப்பட்டுவிடும். `[1, 1, 1, 1]` கொடுத்துப் பாருங்கள். 0 வரவேண்டும், 6 வந்தால் இந்தப் பிழைதான்.

என் அனுபவத்தில், கையால் தெரிந்தெடுத்த உதாரணங்களைவிட இப்படிச் சோதிப்பதே நம்பகமானது. மெதுவான, ஆனால் பிழைவிட வாய்ப்பில்லாத ஒரு முறையை எழுதி, சின்னச் சின்னப் பட்டியல்களில் இரண்டையும் மோதவிடுங்கள்:

```python
import random

def slow(a):
    return sum(a[i] > a[j]
               for i in range(len(a))
               for j in range(i + 1, len(a)))

for _ in range(1000):
    n = random.randint(0, 12)
    a = [random.randint(1, 5) for _ in range(n)]
    assert count(a)[1] == slow(a), a
```

எண்களை 1 முதல் 5 வரை மட்டும் எடுப்பது வேண்டுமென்றே. அப்போதுதான் சமமான எண்கள் நிறைய வரும். நீளம் 0இலிருந்து தொடங்குவதால் வெற்றுப் பட்டியலும் சோதனைக்குள் வந்துவிடும். பிழை இருந்தால் எந்தப் பட்டியலில் தவறியது என்பதையும் `assert` காட்டும். அது 12க்கு மேல் போகாததால் தாளில் வைத்துத் தொடர்ந்து பார்க்கலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை, 100,000 எண்களுக்கு 17 படிநிலைகளில் பிரிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு படிநிலையிலும் ஆகக்கூடியது 100,000 ஒப்பீடுகள், ஆகவே மொத்தம் 17 இலட்சத்துக்குள். 500 கோடியோடு வைத்துப் பாருங்கள். பைதனில் விடை எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. சி++ அல்லது ஜாவாவில் எழுதினால் எண்ணிக்கையை `int` இல் வைக்காதீர்கள். 65,537 எண்கள் முழுவதும் தலைகீழாக இருந்தாலே 32 பிட் எல்லையான 2,147,483,647ஐத் தாண்டிவிடும். விடை திடீரென்று மறைப்பெறுமானமாக வந்தால் காரணம் அதுதான். சி++ இல் `long long`, ஜாவாவில் `long` போடுங்கள்.

எண்ணைப் புள்ளியாக மாற்றுதல்

8 என்ற எண் தனியே எதுவும் சொல்லாது. எட்டுப் பெயரில் 8 வேறு, நூறு பெயரில் 8 வேறு. ஆகவே மொத்தச் சோடிகளால் வகுக்க வேண்டும். சரியான சோடிகள் 20, மொத்தம் 28, ஆகவே நூற்றுக்கு 71 என்று போடலாம் என்று தோன்றும். இங்கே கவனம் தேவை. ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவருக்கும் சராசரியாகப் பாதிச் சோடிகள் சரியாக அமையும். அதாவது இந்தக் கணக்கில் 50 என்பது வெறும் ஊகத்தின் மதிப்பு.

அதனால் புள்ளியியலில் மொறிஸ் கெண்டல் 1938இல் முன்வைத்த அளவைப் பயன்படுத்துவது நல்லது. சமமான எண்கள் இல்லாதபோது அதன் சூத்திரம் எளிது: `1 - 2*inv/pairs`. `inv` என்பது தலைகீழ்ச் சோடிகள், `pairs` என்பது மொத்தச் சோடிகள். முழுவதும் சரியென்றால் 1, முழுவதும் தலைகீழென்றால் -1, ஊகமென்றால் 0ஐச் சுற்றி. நம் பிள்ளைக்கு 1 - 16/28, ஏறத்தாழ 0.43. காங்கேசன்துறையைத் தலையில் போட்ட பிள்ளைக்கு 0.5.

இந்த இரண்டாவது விடையைப் பார்த்தால் அளவின் எல்லையும் தெரியும். அந்தப் பிள்ளை செய்தது ஒரே ஒரு பிழை. ஒரு பெயரைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் எல்லாம் சரி. ஆனாலும் 7 தலைகீழ்ச் சோடிகள். மாறாக, அடுத்தடுத்த நிலையங்களை இரண்டிரண்டாக மாற்றி 2 1 4 3 6 5 8 7 என்று எழுதியவர் நான்கு இடங்களில் பிழைவிட்டும் 4 தலைகீழ்ச் சோடிகளோடு தப்பிவிடுகிறார். ஒரு பெயர் எவ்வளவு தூரம் தள்ளிப்போனது என்பது முக்கியமென்றால் தலைகீழ்ச் சோடி நல்ல அளவு. எத்தனை பெயர்களைத் தூக்கி வைக்கவேண்டும் என்பதுதான் கேள்வியென்றால் இது பொருந்தாது. நிலைய ஒழுங்குக் கேள்விக்கு முதலாவதுதான் சரியென்பது என் எண்ணம். மல்லாகத்தையும் தெல்லிப்பழையையும் மாற்றி எழுதுவது சின்னப் பிழை, காங்கேசன்துறையைக் கொக்குவிலுக்கு முன்னால் வைப்பது பெரிய பிழை.

ஒரு பெயர் விடுபட்டால்

உண்மையான விடைத்தாள்களில் இது நிறையவே நடக்கும். நம் பிள்ளை இணுவிலை எழுதாமல் விட்டிருந்தால் பட்டியல் 2 5 1 6 4 8 7. எண்களுக்கிடையே 3 இல்லாததால் நிரல் தடுமாறாது, பெரிது சிறிது மட்டுமே அதற்குத் தேவை. விடை 5 வரும். மொத்தச் சோடிகள் இப்போது 21. சரியானவை 16, அதாவது நூற்றுக்கு 76. எட்டையும் எழுதியபோது 71, ஒன்றை விட்டபோது 76. தெரியாத பெயரை விட்டுவிடுவது இலாபமாகிறது.

இதைத் தடுக்க, விடுபட்ட பெயர் சம்பந்தப்பட்ட ஏழு சோடிகளையும் பிழையாகவே கணக்கிடுங்கள். அதாவது வகுக்கும் எண்ணை 28ஆகவே வைத்திருங்கள். சரியானவை 16, 28ஆல் வகுத்தால் நூற்றுக்கு 57. கெண்டலின் சூத்திரத்தில் போடுவதானால் தலைகீழ்ச் சோடிகள் 5 + 7 = 12, விடை 0.14.

ஒரே பெயரை இரண்டு தரம் எழுதிய விடையை நிரலுக்குள் போகவிடவே வேண்டாம். `len(set(a)) != len(a)` என்று முதலில் பார்த்து, அப்படி இருந்தால் இரண்டாவது தரம் எழுதியதை நீக்கிவிட்டு, மேலே சொன்ன விடுபட்ட பெயர்க் கணக்கையே போடுங்கள்.